மூன்றில் இரண்டு விதி

மூன்றில் இரண்டு விதி என்பது, சுமை சீராகப் பரவிய மின்பகிர்மான ஃபீடரில் இழப்பு மிகக் குறைய ஒற்றை இணை மின்தேக்கியின் அளவையும் இடத்தையும் வகுக்கும் கணிப்பு. ஃபீடரின் ரியாக்டிவ் சுமையில் மூன்றில் இரண்டு பங்கு அளவுள்ள மின்தேக்கியை, துணை மின்நிலையத்திலிருந்து நீளத்தின் மூன்றில் இரண்டு பங்கு தொலைவில் வைக்க வேண்டும். நீகிள், சாம்சன் ஆகியோரின் 1956 ஆய்வுக்கட்டுரை இவ்வகைக் கணக்கீட்டின் முன்னோடி.

பம்ப்செட் மோட்டார்கள் நிறைந்த 9 கிலோமீட்டர் நீள 11 கிலோவோல்ட் ஃபீடரில் ரியாக்டிவ் சுமை 900 கேவிஏஆர் எனில், 600 கேவிஏஆர் மின்தேக்கி 6ஆவது கிலோமீட்டரில் அமையும். துணை மின்நிலையம் 300 கேவிஏஆர் மட்டுமே அனுப்பும். அது முதல் 3 கிலோமீட்டரில் தீர்ந்துவிடும். மின்தேக்கி இருபுறமும் 300 வீதம் ஊட்டும். ஒவ்வொரு பகுதியிலும் உச்ச ஓட்டம் பழையதில் மூன்றில் ஒன்றாவதால், அதன் இருமடியைப் பொறுத்த இழப்பு ஒன்பதில் ஒன்றாகும். குறைவது ரியாக்டிவ் மின்னோட்டத்தின் இழப்பு மட்டுமே; பயன்தரு மின்னோட்டத்தின் இழப்பு அப்படியே நிற்கும். கிலோமீட்டருக்கு 0.35 ஓம் ரியாக்டன்ஸ் உள்ள கம்பியில், மின்தேக்கி உள்ள இடத்தில் மின்னழுத்தம் சுமார் 1 விழுக்காடு உயரும்.

அளவை உச்சச் சுமைக்கன்றி, சராசரி ரியாக்டிவ் சுமைக்கே கணிப்பது முறை. பம்ப்செட்டுகள் நின்ற வேளையில் நிலையான மின்தேக்கி மிகையாகும். துணை மின்நிலைய மீட்டர் முந்து திறன்காரணியைக் காட்டுவது அதன் அடையாளம். சுமை கடைக்கோடியில் குவிந்திருந்தால் உகந்த இடமும் கோடிக்கு நகரும்.