வெளிநாட்டு உறவினர்களுக்குச் செய்தி அனுப்ப ஏற்ற நேரம் எது? ஆறு மாதமே நீடிக்கும் ‘பொது ஒரு மணி நேரம்’

குடும்ப வாட்ஸ்அப் குழுவில் இரவு 9 மணிக்குத் திருமண அழைப்பிதழைப் பதிவிடுகிறோம். உள்ளூர் உறவினர்கள் உடனே வாழ்த்துகின்றனர். அடுத்த நாள் காலைக்குள் அறுபது, எழுபது பதில்கள் சேர்ந்துவிடுகின்றன. மெல்போர்னில் உறங்கி எழுந்த அத்தை குழுவைத் திறக்கும்போது அழைப்பிதழ் எங்கோ மேலே புதைந்து கிடக்கிறது. ‘எனக்கு அழைப்பு வரவில்லையே’ என்ற மனத்தாங்கல் பல வீடுகளில் இவ்வாறுதான் தொடங்குகிறது.

உறவினர்கள் பல நாடுகளில் பரவியிருக்கும்போது எல்லோரும் விழித்திருக்கும் நேரத்தைக் கண்டறிவது எப்படி, அந்த நேரம் ஆண்டு முழுவதும் ஏன் ஒன்றாக இருப்பதில்லை என்பதை இங்கே காணலாம்.

இரு முனைகளைக் கவனித்தால் போதும்

மும்பை மாட்டுங்காவில் வசிக்கும் ஒரு குடும்பத்தை எடுத்துக்கொள்வோம். உறவினர்கள் மெல்போர்ன், சிங்கப்பூர், துபாய், லண்டன், நியூ ஜெர்ஸி ஆகிய இடங்களில் உள்ளனர். ஐந்து ஊர்களின் நேரத்தையும் தனித்தனியே கணக்கிடத் தேவையில்லை. கிழக்கே கடைசியில் இருப்பவர் எப்போது உறங்கச் செல்கிறார், மேற்கே கடைசியில் இருப்பவர் எப்போது எழுகிறார் என்ற இரண்டு விவரங்களே மாலை நேரப் பதிவைத் தீர்மானிக்கின்றன. இடையில் உள்ள ஊர்கள் பெரும்பாலும் தாமாகவே அந்த இடைவெளிக்குள் அடங்கிவிடும்.

ஒருவர் காலை 7 மணி முதல் இரவு 10 மணி வரை விழித்திருப்பதாகக் கொள்வோம். ஜூலை மாதத்தில் மெல்போர்ன் இந்தியாவைவிட நான்கரை மணி நேரம் முன்னால் உள்ளது. எனவே அங்கு இரவு 10 மணி ஆகும்போது இந்தியாவில் மாலை 5.30. அதே மாதத்தில் நியூ ஜெர்ஸி ஒன்பதரை மணி நேரம் பின்தங்கியுள்ளது. அங்கு காலை 7 மணி ஆகும்போது இந்தியாவில் மாலை 4.30.

ஆக, இந்திய நேரப்படி மாலை 4.30 முதல் 5.30 வரையிலான ஒரு மணி நேரமே அனைவருக்கும் பொதுவானது. மாலை 5 மணிக்குப் பதிவிட்டால் நியூ ஜெர்ஸியில் காலை 7.30, லண்டனில் பிற்பகல் 12.30, துபாயில் பிற்பகல் 3.30, சிங்கப்பூரில் இரவு 7.30, மெல்போர்னில் இரவு 9.30. ஒருவரும் உறக்கத்தில் இருக்க மாட்டார்கள்.

டிசம்பரில் அந்த ஒரு மணி நேரம் எங்கே போகிறது?

இதே குடும்பம் ஜூலையில் கண்டறிந்த மாலை 5 மணியை டிசம்பரிலும் பின்பற்றினால் ஏமாற்றமே மிஞ்சும். இந்தியா, சிங்கப்பூர், துபாய் ஆகியவற்றின் கடிகாரம் ஆண்டு முழுவதும் மாறாது. ஆனால் அமெரிக்காவின் பெரும்பகுதி, பிரிட்டன், ஆஸ்திரேலியாவின் சில மாநிலங்கள் ஆகியவற்றில் கோடைக்காலத்தில் கடிகாரத்தை ஒரு மணி நேரம் முன்னே நகர்த்தி, குளிர்காலத்தில் மீண்டும் பின்னே வைக்கின்றனர்.

ஆஸ்திரேலியா தென் கோளத்தில் இருப்பதால் அங்கு கோடையும் குளிரும் தலைகீழாக வருகின்றன. அமெரிக்காவில் கடிகாரம் பின்னே செல்லும் பருவத்தில் மெல்போர்னில் அது முன்னே சென்றிருக்கும். எனவே இரண்டு ஊர்களுக்கும் இடையிலான தூரம் ஒன்றல்ல, இரண்டு மணி நேரம் கூடிவிடுகிறது.

டிசம்பரில் மெல்போர்ன் ஐந்தரை மணி நேரம் முன்னால் இருக்கும். அங்குள்ளவர்கள் இந்திய நேரம் மாலை 4.30க்கே உறங்கச் சென்றுவிடுவார்கள். நியூ ஜெர்ஸி பத்தரை மணி நேரம் பின்தங்கியிருக்கும். அங்கு விடிவது இந்திய நேரம் மாலை 5.30க்கு. ஜூலையில் ஒரு மணி நேரம் பொதுவாக இருந்த இடத்தில் இப்போது ஒரு மணி நேர வெற்றிடம் உள்ளது.

இந்த மாற்றம் ஒரே நாளில் நிகழ்வதும் இல்லை. அமெரிக்கா மார்ச் இரண்டாவது ஞாயிறன்றும், பிரிட்டன் மார்ச் கடைசி ஞாயிறன்றும் கடிகாரத்தை முன்னே வைக்கின்றன. மெல்போர்ன் ஏப்ரல் முதல் ஞாயிறன்று பின்னே வைக்கிறது. பின்னர் அக்டோபர் முதல் ஞாயிறன்று மெல்போர்னும், அக்டோபர் கடைசி ஞாயிறன்று பிரிட்டனும், நவம்பர் முதல் ஞாயிறன்று அமெரிக்காவும் மீண்டும் மாறுகின்றன. ஆகவே மாட்டுங்கா குடும்பத்துக்கு அந்தப் பொது ஒரு மணி நேரம் ஏப்ரல் முதல் ஞாயிறு தொடங்கி அக்டோபர் முதல் ஞாயிறு வரை, அதாவது ஏறத்தாழ ஆறு மாதமே கிடைக்கிறது.

உறவினர் இருக்கும் மாநிலத்தையும் கேட்டறிவது அவசியம். ஆஸ்திரேலியாவில் மெல்போர்ன், சிட்னி நகரங்கள் நேரத்தை மாற்றுகின்றன. பிரிஸ்பேன், பெர்த் மாற்றுவதில்லை. அமெரிக்காவில் அரிசோனாவின் பெரும்பகுதியும் ஹவாயும் மாற்றுவதில்லை.

குளிர்காலத்துக்குக் காலை நேரமே கைகொடுக்கும்

மாலை வழி அடைபடும்போது பதிவைக் காலைக்கு மாற்றலாம். டிசம்பரில் இந்திய நேரம் காலை 8.30 மணிக்கு மெல்போர்னில் பிற்பகல் 2, சிங்கப்பூரில் முற்பகல் 11, துபாயில் காலை 7. நியூ ஜெர்ஸியில் முந்தைய நாள் இரவு 10. அங்குள்ளவர்கள் படுக்கும் முன் பார்த்துவிடுவார்கள். லண்டனில் மட்டும் அதிகாலை 3 மணி. ஒரு வீடு மட்டுமே விடுபடுவதால், அவர்கள் எழும் நேரமான இந்தியப் பிற்பகல் 12.30க்குப் பிறகு அவர்களுக்குத் தனியாக ஒரு வரி அனுப்பினால் போதும்.

உறவினர்களில் ஒருவர் கலிபோர்னியாவில் இருந்தால் கோடையிலும் இந்த முறை தேவைப்படும். ஜூலையில் இந்திய மாலை 5 மணி என்பது அங்கு அதிகாலை 4.30. அவருக்கு ஏற்றது இந்தியக் காலை 9 மணி. அங்கு முந்தைய இரவு 8.30. அதிலும் ஞாயிற்றுக்கிழமை காலையைத் தேர்ந்தெடுப்பது நல்லது. அப்போது அமெரிக்காவில் சனிக்கிழமை இரவு. மற்ற ஊர்களில் ஞாயிறு. துபாயிலும் 2022 முதல் சனி, ஞாயிறுதான் வார விடுமுறை. முக்கியமான அழைப்பிதழை ஞாயிறு காலை ஒருமுறையும் மாலை ஒருமுறையும் பதிவிட்டால் கோடையில் ஒருவரும் விடுபட மாட்டார்கள்.

நேரலைக்குத் தேதிதான் சிக்கல்

அழைப்பிதழைத் தாமதமாகவும் படிக்கலாம். தாலி கட்டும் நேரலையை அப்படிப் பார்க்க விரும்பமாட்டார்கள். தை மாதத்தில் ஜனவரி 25 காலை 6.30க்கு முகூர்த்தம் என்று வைத்துக்கொள்வோம். நியூ ஜெர்ஸியில் அது ஜனவரி 24 இரவு 8 மணி. கலிபோர்னியாவில் 24 மாலை 5 மணி. ‘25ஆம் தேதி காலை’ என்று மட்டும் எழுதினால், அமெரிக்க உறவினர் தமது 25ஆம் தேதி காலையில் எழுந்து பார்ப்பார். திருமணம் முடிந்து பல மணி நேரம் ஆகியிருக்கும்.

எனவே நேரலை அறிவிப்பில் ஒவ்வொரு ஊருக்கும் கிழமை, தேதி, நேரம் மூன்றையும் எழுத வேண்டும். ‘IST’ போன்ற சுருக்கங்களைத் தவிர்த்து ‘இந்திய நேரம்’, ‘நியூ ஜெர்ஸி நேரம்’ என்று எழுதுவது பாதுகாப்பானது. அயர்லாந்து, இஸ்ரேல் நேரங்களையும் அதே மூன்று எழுத்துகளால் குறிப்பது வழக்கம். யூடியூப்பில் நேரலையை முன்கூட்டியே திட்டமிட்டு வைத்தால், பார்ப்பவரின் ஊர் நேரத்திலேயே தொடக்க நேரம் காட்டப்படும். அந்த இணைப்பை அனுப்புவதால் கணக்குப் பிழை நேராது.

துயரச் செய்திக்குப் பொருந்தாத கணக்கு

மேற்கூறிய எதுவும் மரணச் செய்திக்குப் பொருந்தாது. ஜூலையில் ஒரு நாள் பிற்பகல் 2 மணிக்குத் தந்தை காலமாகிறார். மகன் நியூ ஜெர்ஸியில் இருக்கிறார். அங்கு அதிகாலை 4.30. அவர் எழும் வரை காத்திருக்கலாம் என எண்ணிக்கொண்டிருக்கும்போதே, உறவினர் ஒருவர் குழுவில் இரங்கல் தெரிவித்துவிடுகிறார். மகன் காலை 7 மணிக்குக் கைப்பேசியைத் திறந்ததும் முதலில் காண்பது யாரோ ஒருவரின் ‘ஆழ்ந்த அனுதாபங்கள்’.

அந்த இரண்டரை மணி நேரத்தின் இழப்பு அதிர்ச்சியோடு முடிவதில்லை. அங்கிருந்து மும்பைக்கு நேரடி விமானத்திலேயே சுமார் 15 மணி நேரம் ஆகும். நம் குடும்பங்களில் இறுதிச் சடங்கு பெரும்பாலும் ஓரிரு நாளில் முடிந்துவிடும். ஒரு விமானத்தைத் தவறவிட்டால் தந்தையின் முகத்தைக் கடைசியாகக் காணும் வாய்ப்பே கைநழுவக்கூடும்.

ஆகவே பிள்ளைகள், உடன்பிறந்தோர் ஆகியோருக்கு நேரம் பாராமல் தொலைபேசியில் அழைத்துப் பேச வேண்டும். அவர்கள் அனைவருக்கும் தெரிந்த பிறகே குழுவில் பதிவிட வேண்டும். உறவினர்களிடமும் அதுவரை பொறுத்திருக்குமாறு சொல்லிவிட வேண்டும்.

இரவில் கைப்பேசியைத் ‘தொந்தரவு செய்ய வேண்டாம்’ நிலையில் வைத்து உறங்குவோர் பலர். மீண்டும் அழைப்போரை அனுமதிக்கும் அமைப்பு அதில் இயக்கப்பட்டிருந்தால், அதே எண்ணிலிருந்து ஐபோனில் 3 நிமிடங்களுக்குள்ளும் ஆண்ட்ராய்டில் 15 நிமிடங்களுக்குள்ளும் வரும் இரண்டாவது அழைப்பு தடையின்றிச் சேரும். எனவே முதல் அழைப்பை எடுக்கவில்லை என்றால் உடனே மறுபடி அழைக்க வேண்டும். ஒலியே முற்றிலும் நிறுத்தப்பட்டிருந்தால் இதுவும் பயன்படாது. அதற்காகவே வாழ்க்கைத்துணை அல்லது அருகில் வசிக்கும் நண்பரின் எண்ணையும் முன்கூட்டியே வாங்கி வைத்திருப்பது நல்லது.

நேரம் பொருந்தவில்லை என்பதை அறிவது எப்படி?

குழுவில் நாம் அனுப்பிய செய்தியை அழுத்திப் பிடித்து அதன் விவரத்தைத் திறந்தால், யார் யார் எத்தனை மணிக்குப் படித்தார்கள் என்று வாட்ஸ்அப் இந்திய நேரத்திலேயே காட்டும். மூன்று, நான்கு பதிவுகளை இவ்வாறு பார்த்தால் ஒவ்வொருவரின் பழக்கமும் விளங்கிவிடும். எப்போதும் ஏழெட்டு மணி நேரம் கழித்தே படிப்பவர் நம் செய்தி வரும்போது உறங்கிக்கொண்டிருக்கிறார் என்று பொருள். மார்ச் அல்லது நவம்பருக்குப் பிறகு ஒரே ஊரைச் சேர்ந்தவர்கள் திடீரென ஒரு மணி நேரம் முன்போ பின்போ படிக்கத் தொடங்கினால், அங்கு கடிகாரம் மாறிவிட்டது என்று அறியலாம்.

இரவுப் பணியில் இருக்கும் மருத்துவமனைச் செவிலியருக்கும், அதிகாலையில் கடை திறப்பவருக்கும் ஊர் நேரத்தைக் கொண்டு போடும் கணக்கு பொருந்தாது. அத்தகையவர்களிடம் ‘எப்போது உறங்குவீர்கள்?’ என்று நேரில் கேட்டுக் குறித்துக்கொள்வதே சரியான வழி.