கறுப்புப் பட்டியா, மஞ்சள் பட்டியா? தீயணைப்புக் கருவியை அடையாளம் காண்பது

யாழ்ப்பாணத்தில் எனக்குத் தெரிந்த ஒருவரின் சாப்பாட்டுக்கடைக் குசினியில், அடுப்புக்குப் பக்கத்துச் சுவரில் சிவப்புத் தீயணைப்புக் கருவி ஒன்று தொங்கியது. "இது இருந்தால் பயமில்லைத்தானே அண்ணை" என்றார். அதன் மேற்பகுதியில் இருந்த பட்டியைப் பார்த்தேன். கறுப்பு. அந்த அடுப்பிலோ காலையிலிருந்து இரவு வரை வடைத் தாச்சியில் எண்ணெய் கொதிக்கும்.

பிரித்தானிய முறையில் கருவியின் உடல் எப்போதும் சிவப்புத்தான். உள்ளே இருப்பதைச் சொல்வது பட்டி. வேறு நிறப் பட்டி இல்லாமல் முழுச் சிவப்பாக இருந்தால் தண்ணீர். கிறீம் நிறம் நுரை, நீலம் உலர்தூள், கறுப்பு காபனீரொட்சைட்டு, மஞ்சள் ஈர இரசாயனம்.

எந்தத் தீக்கு உதவும் என்பதைப் பட்டிக்குக் கீழே உள்ள சிறு படங்கள் சொல்கின்றன. எரியும் விறகு என்றால் மரம், கடதாசி, துணி, எழுத்து 'ஏ'. எண்ணெய்க் கான் என்றால் பெற்றோல், மண்ணெண்ணெய் போன்ற திரவங்கள், எழுத்து 'பி'. வாயுச் சுவாலை 'சி'. எரியும் தாச்சி 'எஃப்', அதாவது சமையல் எண்ணெய். மின்சாரத்துக்கு எழுத்து இல்லை, மின்னல் வடிவம்தான். (கனடாவில் இருக்கும் உறவினர்கள் கவனிக்க: அங்கே 'சி' என்றால் மின்சாரம், சமையல் எண்ணெய்க்கு 'கே'. அதனால் எழுத்தைவிடப் படத்தையே நம்புங்கள்.)

நண்பரின் கருவியில் எண்ணெய்க் கானும் மின்னலும் இருந்தன, தாச்சி இல்லை. 'திரவம்தானே, எண்ணெய்க்கும் சரிவரும்' என்று அவர் நினைத்திருந்தார். காபனீரொட்சைட்டு பலத்த வேகத்தில் பீறிடும். எரியும் எண்ணெயைத் தாச்சியிலிருந்து வெளியே சிதறடித்துவிடும். அது எண்ணெயைக் குளிர்விப்பதுமில்லை. வாயு கலைந்ததும், சூடு குறையாத எண்ணெய் மறுபடி பற்றிக்கொள்ளும். மஞ்சள் பட்டிக் கருவியின் கரைசல் மெதுவாகத் தூவி விழும், எண்ணெயோடு சேர்ந்து சவர்க்காரம் போன்ற படலமாகி மூடும், குளிரவும் வைக்கும்.

அது கையில் இல்லாதபோது காஸை நிறுத்தி, உலோக மூடியால் தாச்சியை மூடி, ஆறும்வரை திறக்காமல் விட வேண்டும். தண்ணீர் ஊற்றவே கூடாது. தாச்சியைத் தூக்கிக்கொண்டு வெளியே ஓடுவதும் கூடாது.

கறுப்புப் பட்டியை மின்பலகைக்குக் கிட்ட, காசுமேசைப் பக்கம் மாற்றினோம். அதன் சரியான இடம் அதுதான். கொம்பு போன்ற வாயைப் பிடித்து அடிக்க வேண்டாம், கடுங்குளிரில் கை வெந்ததுபோலாகிவிடும் என்றும் சொன்னேன்.

இந்த வகையில் அழுத்தமானி கிடையாது. நிறுத்துத்தான் பார்க்க வேண்டும். உடலில் பொறித்துள்ள வெற்று நிறையைக் கழித்தால் மிஞ்சுவது வாயு. பத்தில் ஒரு பங்குக்கு மேல் குறைந்திருந்தால் மீள நிரப்ப வேண்டும். அவருடையதைக் கடைத் தராசிலேயே வைத்தோம். இரண்டு கிலோ இருக்க வேண்டியதில் ஒரு கிலோகூட இருக்கவில்லை.