சொந்தக் கையால் எழும்பும் ஷோரூம்: மூலதனச் செலவின் எல்லை வகுக்கப்பட்ட வரலாறு

தாம்பரத்திலிருந்து முடிச்சூர் சாலையிலும் வேளச்சேரி சாலையிலும் சென்றால், டைல்ஸ், குளியலறைச் சாமான், மின்சாதனம், மரச்சாமான் ஆகியவற்றை விற்போர் தமக்கென நிர்மாணித்துக்கொண்ட மாடிக் கட்டடங்கள் பலவற்றைக் காணலாம். இவற்றில் சில ஒப்பந்தக்காரர் வசம் முழுமையாக ஒப்படைக்கப்பட்டுக் கட்டப்படுவதில்லை. கடையின் கிடங்கில் உள்ள சரக்கே தரையிலும் சுவரிலும் பதிகிறது, கடையில் சம்பளம் வாங்கும் ஆட்களே வேலைத்தளத்திலும் நிற்கிறார்கள், முதலாளியே மேற்பார்வையாளர். இவ்விதம் எழும்பிய கட்டடத்தின் அடக்கம் எவ்வளவு என்ற கேள்விக்கு, நீதிமன்றங்களும் கணக்காளர்களும் சட்டசபைகளும் ஏறத்தாழ எழுபது ஆண்டுகளாகச் சிறிது சிறிதாக விடை வகுத்து வந்திருக்கின்றன.

முதல் விடை கட்டடத்தைப் பற்றிய வழக்கிலிருந்து வரவில்லை என்பதுதான் விசேஷம். பம்பாயில் வெள்ளியும் பங்குகளும் வியாபாரம் செய்து வந்த கிகாபாய் பிரேம்சந்த், தம் சரக்கிலிருந்து ஒரு பகுதியை எடுத்து அறக்கட்டளைகளுக்கு எழுதிவைத்து, கொள்முதல் விலையையே கணக்கில் வரவு வைத்தார். எடுத்த நாளின் சந்தை விலையில் வரவு வைத்து, மிகுதியை லாபமாகக் காட்ட வேண்டும் என்றது வருமான வரித் துறை. 1953-இல் உச்ச நீதிமன்றத்தின் பெரும்பான்மை நீதிபதிகள், ஒருவன் தன்னிடமே விற்றுத் தானே லாபம் அடைய முடியாது என்ற நியாயத்தை ஏற்று, கொள்முதல் விலையே போதும் என்று தீர்ப்பளித்தார்கள். நீதிபதி பகவதி மட்டும் மாறுபட்டார். இரண்டு ஆண்டுகளுக்குப் பின், வளர்ப்புப் பண்ணையிலிருந்து சொந்தப் பந்தய லாயத்துக்கு மாற்றப்பட்ட குதிரைகள் சம்பந்தமான வழக்கில், இங்கிலாந்தின் பிரபுக்கள் சபை இதற்கு நேர் எதிராகச் சந்தை விலையைப் பிடித்துக்கொண்டது. நம் நாடு கொண்ட வழியே சரியானது என்பது என் கருத்து. கைமாறாத பொருளுக்கு லாபம் கற்பிப்பது கணக்கன்று, கற்பனை.

அடுத்த விடை வட்டியைப் பற்றியது. கிருஷ்ணா ஜில்லாவைச் சேர்ந்த சல்லப்பள்ளி சர்க்கரை ஆலை, உற்பத்தி தொடங்குமுன் கடனுக்குச் செலுத்திய வட்டியை இயந்திரங்களின் அடக்கத்தோடு சேர்த்துக்கொள்ளலாம் என்று 1974-இல் உச்ச நீதிமன்றம் கூறியது. அத்தீர்ப்புக்குச் சட்டத்தின் வாசகத்தைக் காட்டிலும் கணக்கியலில் வேரூன்றிய வழக்கமே பெரிய ஆதாரமாக அமைந்தது. ஆனால் சொத்து உபயோகத்துக்கு வந்த பிறகும் வட்டியை அடக்கத்தில் ஏற்ற முற்பட்டவர்களைத் தடுக்க, 1986-இல் சட்டம் திருத்தப்பட்டு, அத்திருத்தம் 1974 முதலே செல்லும் என்றும் விதிக்கப்பட்டது.

இந்நியாயங்களை ஒழுங்குபடுத்திய பெருமை, 1985-இல் இந்தியப் பட்டயக் கணக்காளர் கழகம் வெளியிட்ட 10-ஆம் கணக்கியல் தரநிலைக்கு உரியது. ஒரு நிறுவனம் தானே கட்டிக்கொள்ளும் சொத்தில், அச்சொத்தோடு நேரடியாகச் சம்பந்தப்பட்ட செலவும், கட்டுமானத்துக்குப் பொதுவாக ஆகி அச்சொத்துக்குப் பிரித்தளிக்கத் தக்க செலவும் மட்டுமே சேரும் என்றும், உள்லாபம் நீக்கப்பட வேண்டும் என்றும் அது சொல்லிற்று. 2016-இல் திருத்தி வெளியிடப்பட்ட தரநிலை எல்லையை மேலும் துலக்கிற்று: அளவுக்கு மீறி வீணான பொருளும் உழைப்பும், திறப்பு விழாச் செலவும், பொது நிர்வாகச் செலவும் அடக்கத்தில் இடம்பெறா.

கடைசியாக வந்து சேர்ந்தது சரக்கு மற்றும் சேவை வரி. தன் கணக்கில் அசையாச் சொத்துக் கட்டுவோர், அது வியாபாரத்துக்கே பயன்படுவதாயினும், அதற்காக வாங்கிய பொருளின் மீதான உள்ளீட்டு வரி வரவைப் பெற முடியாது என்று 2017-ஆம் ஆண்டுச் சட்டத்தின் 17(5) பிரிவு தடுக்கிறது. 2024 அக்டோபரில் சஃபாரி ரிட்ரீட்ஸ் வழக்கில் உச்ச நீதிமன்றம் சில கட்டடங்களுக்கு ஒரு சிறு வாசல் திறந்தது. 2025-ஆம் ஆண்டு நிதிச் சட்டம் அதை 2017 ஜூலையிலிருந்தே மூடிவிட்டது. விற்பனைக்கென வாங்கிய சரக்கைச் சொந்தக் கட்டடத்துக்கு எடுத்தால், முன்பு பெற்ற வரி வரவைத் திருப்பிக் கட்ட வேண்டும். திரும்பக் கிடைக்காத அவ்வரி கட்டடத்தின் அடக்கமாகிறது.

இவையெல்லாம் ஒரே பேரேட்டில் எவ்வாறு கூடுகின்றன என்பதை ஒரு கற்பித உதாரணத்தால் விளக்குவோம். முடிச்சூர் சாலையில் சொந்த மனை வைத்திருக்கும் டைல்ஸ் வியாபாரி ஒருவர், 2023 ஜூனில் தொடங்கி 2024 தை மாதத்தில் ஷோரூமைத் திறக்கிறார். கிடங்கிலிருந்து எடுத்த டைல்ஸின் கொள்முதல் விலை ரூ.4,00,000, விற்பனை விலை ரூ.5,20,000. அடக்கத்தில் சேர்வது கொள்முதல் விலையும், திருப்பிக் கட்டிய 18 சதவீத வரியாகிய ரூ.72,000-உம் சேர்ந்த ரூ.4,72,000 மட்டுமே. விடுபட்ட ரூ.1,20,000, கிகாபாய் வழக்கு விலக்கிவைத்த அந்தக் கற்பனை லாபம்.

கடையின் ஆட்கள் நால்வருக்கு மாதச் சம்பளம் மொத்தம் ரூ.80,000. எட்டு மாதச் சம்பளத்தையும் கட்டடத்தில் ஏற்றிவிடுவது வழக்கமான தவறு. வருகைப் பதிவேட்டில் தளத்து வேலை என்று குறித்த நாட்கள் மூன்று மாதத்துக்குச் சமமானால் ரூ.2,40,000 மட்டுமே பேச்சுக்கு வரும். அதிலும் அவ்வாண்டு டிசம்பரில் மிக்ஜாம் புயலின் வெள்ளம் முடிச்சூரைச் சூழ்ந்தபோது வேலையின்றி நின்ற அரை மாதத்தின் ரூ.40,000 கழியும். வெளியே வாங்கிய சிமெண்ட், கம்பி, மணல் முதலியவை வரியுடன் ரூ.22,00,000, நனைந்து கட்டிதட்டிய மூட்டைகளுக்கும் இடித்துக் கட்டிய சுவருக்கும் ஆன ரூ.60,000 நஷ்டக் கணக்குக்குப் போகும். மேஸ்திரி மூலம் கொடுத்த வெளியாள் கூலி ரூ.6,00,000, திட்ட அனுமதிக் கட்டணமும் பொறியாளர் ஊதியமும் ரூ.1,50,000. ஆக, ஏட்டில் நிற்கும் அடக்கம் ரூ.35,62,000. மனையின் விலை இதில் கலவாது. மனைக்குத் தேய்மானம் இல்லை. முதலாளி தமக்கு எழுதிக்கொள்ள விரும்பும் மேற்பார்வைச் சம்பளத்துக்கும் இடமில்லை. அவர் அப்பணத்தை யாருக்கும் கொடுக்கவில்லை.

வருமான வரிக்கான தொகை இதனினின்றும் வேறுபடும். ஒருவருக்கு ஒரே நாளில் ரூ.10,000-க்கு மேல் ரொக்கமாகக் கொடுத்த தொகை சொத்தின் அடக்கத்தில் சேராது என்பது 2017-இல் வந்த விதி. சனிக்கிழமைதோறும் மேஸ்திரியின் கையில் கூலியை மொத்தமாக எண்ணிக் கொடுக்கும் நம் ஊர்ப் பழக்கம் இங்கேதான் அகப்பட்டுக்கொள்கிறது. அவ்விதம் போனது ரூ.2,00,000 எனக் கொள்வோம். மறுபுறம், எட்டு மாதத்தில் முடிந்த கட்டடம் என்பதால் தரநிலைப்படி ஏட்டில் ஏறாத வட்டி ரூ.1,20,000, வரிச் சட்டப்படி ஏறியே தீரும்; ஏனெனில் சொத்து உபயோகத்துக்கு வரும்வரையுள்ள வட்டியைச் சாதாரணச் செலவாகக் கழிக்க அவ்வாண்டுக்குப் பொருந்திய 36(1)(iii) பிரிவு இடந்தரவில்லை. எனவே வரிக்கான அடக்கம் ரூ.34,82,000. ஆண்டில் 180 நாட்களுக்குக் குறைவாகப் பயன்பட்டதால் 10 சதவீதத்தில் பாதியே, அதாவது ரூ.1,74,100, முதலாண்டின் தேய்மானம்.

தவறு இரு திசையிலும் நேர்கிறது. வங்கிக்குப் பெரிய சொத்தைக் காட்ட விழைபவர் விற்பனை விலையையும் விழாச் செலவையும் ஏற்றுகிறார். உடனடியாக வரியைக் குறைக்க விழைபவர் கம்பியையும் கூலியையும் கடைச் செலவில் கரைத்துவிடுகிறார். பின்னவரின் ஏட்டை நம்பாத அதிகாரி மதிப்பீட்டு அதிகாரியிடம் அனுப்பினால், அவர் பெரும்பாலும் மத்தியப் பொதுப்பணித் துறையின் சதுர அளவு விகிதத்தைக் கொண்டு கட்டடத்தை அளக்கிறார். அம்மதிப்பில் சொந்த மேற்பார்வைக்கென்று சுமார் 10 சதவீதம் கழித்துக்கொடுப்பது தீர்ப்பாயங்களில் பல முறை கண்ட வழக்கம். ஏட்டில் எழுத இடம்பெறாத முதலாளியின் உழைப்பு, ஏட்டைச் சந்தேகிக்கும்போது மட்டும் கணக்கில் வருகிறது. அந்த நிலைக்குப் போகாதிருக்க, கிடங்கிலிருந்து சரக்கு எடுக்கும் நாளிலேயே வழங்கல் சீட்டு எழுதுவதும், தளத்துக்குச் சென்ற ஆட்களின் பெயரை அன்றன்றே பதிவதும் வேண்டும்; கட்டடம் முடிந்தபின் ஆடிட்டர் கேட்டபோது எழுதிய பதிவேட்டை விசாரணையில் நிலைநிறுத்துவது கடினம்.