மார்ச் 31-உம் சூளைக் கணக்கும்: ‘எல்லாத் தவணைகளும்’ என்ற நிபந்தனையை மறுவாசிப்புச் செய்தல்

பருவத் தொழிலாளரின் ஓய்வூதியச் சந்தா ஏன் அறுந்துபோகிறது என்ற கேள்விக்கு நம் துறையில் ஒரு விடை நிலைத்துவிட்டது: வேலையில்லாத மாதங்களில் கையில் காசில்லை, ஆகவே தவணை தவறுகிறது. காவிரிப் படுகையின் வயல்கூலிக்கு இது பெரும்பாலும் பொருந்தும். சம்பா அறுப்பு முடிந்தால் மேட்டூர் திறக்கும்வரை அங்கே வேலையும் குறைவு, வரவும் குறைவு. அதே விடையைச் செங்கல் சூளைக்கும் நீட்டுவதில்தான் எனக்கு உடன்பாடில்லை.

சூளையில் வேலையும் பணமும் ஒரே மாதத்தில் வருவதில்லை. ஒடிசாவின் பலாங்கீர், நுவாபடா மாவட்டங்களிலிருந்து திருவள்ளூர்ச் சூளைகளுக்கு வருபவர்களை எடுத்துக்கொள்வோம். நுவாகாய்ப் பண்டிகையை ஒட்டி, ஆகஸ்ட் செப்டம்பரில், சர்தார் வழியாக முன்பணம் கைமாறுகிறது. மழை ஓய்ந்தபின் தொடங்கும் வேலை ஜூன் வாக்கில் முடிகிறது. அறுத்த கல் ஆயிரத்துக்கு இவ்வளவு என்று கூலி கணக்கில் ஏறிக்கொண்டிருக்கும். கைக்கு வருவதோ வாரச் செலவுப் பணம் மட்டும். முன்பணத்தையும் செலவுப் பணத்தையும் கழித்த மிச்சம், மிச்சம் என்று ஒன்று இருந்தால், சூளை மூடும்போதுதான் வரும். ஆக, பணம் வருவது வேலைக்கு முன்னும் பின்னும். வேலை நடக்கும் மாதங்களே வறண்டவை.

இந்த நாட்காட்டியைக் கையில் வைத்துக்கொண்டு 2015-இல் வந்த அடல் ஓய்வூதியத் திட்டத்தின் ஒரு நிபந்தனையை வாசிக்க வேண்டும். 2015 இறுதிக்குள் சேர்ந்தவர்களில் வேறு சமூகப் பாதுகாப்புத் திட்டத்தில் இல்லாத, வருமான வரி கட்டாதவர்களுக்கு, சந்தாவில் பாதி அல்லது 1,000 ரூபாய், இவற்றில் குறைந்ததை, மத்திய அரசு ஐந்தாண்டுகளுக்கு ஆண்டுதோறும் தரும் என்றது திட்டம். அந்த ஆண்டின் எல்லாத் தவணைகளும் கட்டப்பட்டிருக்க வேண்டும் என்பது நிபந்தனை. இதை ஒழுங்கான சேமிப்புக்கான ஊக்கம் என்றே இதுவரை வாசித்திருக்கிறார்கள். அரையாண்டுத் தவணை வசதியும் இருப்பதால் பருவத் தொழிலாளருக்கு இதில் இடரில்லை என்பது அவ்வாசிப்பின் துணைவாதம்.

அந்தத் துணைவாதத்தைச் சோதிக்க ஒரு கணக்குப் போடலாம். 18 வயதில், 5,000 ரூபாய் ஓய்வூதியத்துக்காக ஒருவர் 2015 செப்டம்பரில் சேர்கிறார் என்று கொள்வோம். மாதத் தவணை 210 ரூபாய்; அரையாண்டுத் தவணை 1,239. அரையாண்டைத் தேர்ந்து, முன்பணத்திலிருந்து முதல் தவணையைக் கட்டுகிறார். சேர்ந்த மாதத்திலிருந்து எண்ணினால் அடுத்தது மார்ச். அவர் சூளையில் இருக்கிறார், கணக்கில் இருப்பில்லை. மார்ச் 31 கடக்கிறது. கணக்கு முடிந்து ஜூனில் அவர் கட்டினால், தாமதக் கட்டணம் 100 ரூபாய்க்கு மாதம் ஒன்று என்ற வீதத்தில் நாற்பது ரூபாயைத் தாண்டாது. அது பெரிய இழப்பல்ல. ஆனால் ‘எல்லாத் தவணைகளும்’ என்ற நிபந்தனையை எழுத்துப்படி கொண்டால், அந்த ஆண்டின் 1,000 ரூபாய் போய்விட்டது. செப்டம்பரை விட்டு ஜூனில் தொடங்கினாலும் அடுத்த தவணை டிசம்பரில்தான் விழும். முன்பணத்துக்கும் ஜூன் கணக்குக்கும் இடைவெளி ஏறத்தாழ ஒன்பது மாதம், பிறகு மூன்று மாதம். ஆறும் ஆறுமாக வெட்டிய அட்டவணை இந்த இரண்டையும் ஒருசேரத் தொடவே முடியாது.

இதற்கு முந்தைய ஸ்வாவலம்பன் திட்டத்தில் (2010) ஓராண்டில் 1,000 முதல் 12,000 ரூபாய்வரை எப்படிக் கட்டினாலும் அரசின் 1,000 ரூபாய் உண்டு. அதே செப்டம்பர் 1,239 ரூபாய் அங்கே தகுதி பெற்றுத் தந்திருக்கும். கட்டிய தொகையும் ஆளும் மாறவில்லை. ஒழுங்கு என்பதன் பொருள் மட்டும் ஆண்டுத் தொகையிலிருந்து தவணைத் தேதிக்கு நகர்ந்துவிட்டது.

மார்ச் தவணையையும் செப்டம்பரிலேயே கணக்கில் போட்டுவைக்கலாமே என்பார்கள். பழைய கடனுக்கும் பண்டிகைக்கும் என்று வாங்கிய முன்பணத்தை ஆறு மாதம் வங்கியில் உறங்கவிடச் சொல்பவர்கள் முன்பணம் என்றால் என்னவென்று அறியாதவர்கள். இன்னொரு மறுப்பு கனமானது: ஸ்வாவலம்பனில் ஓய்வூதிய உறுதி கிடையாது, உறுதி தர வேண்டுமானால் வரவின் காலம் முன்கூட்டியே தெரிந்திருக்க வேண்டும். ஏற்கிறேன். ஆயினும் ஆறு மாதத் தவணைகளின் கூட்டுத்தொகை 1,260. அரையாண்டுத் தவணை 1,239. முன்னதாக வரும் பணத்துக்குத் தள்ளுபடி தரும் கணக்கு அட்டவணைக்குள்ளேயே இருக்கிறது. அதே கணக்கில் ஆண்டுத் தவணை என்று இன்னொரு நிரலை எழுதுவதற்குக் கணிதத் தடை எதையும் நான் காணவில்லை.

அரசின் பங்கு 2019–20-உடன் முடிந்துவிட்டது. தவணை தவறியவர் பட்டியலை வறுமைக்கோ பொறுப்பின்மைக்கோ சான்றாக வாசிக்கும் வழக்கம் முடியவில்லை. குறைந்தபட்சம் சூளைத் தொழிலாளர் வரிசைகளிலாவது, தவறிய மாதம் எது, பிறகு கட்டப்பட்டது எந்த மாதத்தில் என்ற இரண்டையும் பிரித்துப் பார்க்க வேண்டும். மார்ச்சில் தவறி ஜூனில் தீர்ந்த கணக்கு, நான் கருதுவதுபோல, சேமிக்கத் தெரியாதவரின் கணக்கல்ல. கூலி எப்போது கைக்கு வந்தது என்பதன் பதிவு.