குடுவையில் 20 பாகை என்று ஏன் எழுதியிருக்கிறது?

பாடசாலை ஆய்வுகூடத்தில் இருக்கும் ஒரு லீட்டர் கனமானக் குடுவையை எடுத்துப் பாருங்கள். கண்ணாடியில் ‘ஏ’ என்ற வகுப்பு எழுத்து இருக்கும், பக்கத்தில் ±0.40 மில்லிலீட்டர், அதற்குப் பக்கத்தில் 20 பாகை செல்சியஸ். ‘ஏ’ வகுப்பு என்றால் கோடு வரை நிரப்பும்போது பிழை 0.40 மில்லிலீட்டருக்கு மேல் போகாது. மலிவான ‘பி’ வகுப்பில் அதன் இரண்டு மடங்கு வரை போகலாம். அந்த எழுத்தை எல்லாரும் பார்ப்பார்கள். 20 பாகையை யாரும் பார்ப்பதில்லை. எனக்கு அதன் கதைதான் பிடிக்கும்.

கதை ஜெர்மனியின் கோப்லென்ஸ் நகரத்தில் தொடங்குகிறது. அங்கே கார்ல் பிரெடரிக் மோர் என்ற மருந்தாளர் இருந்தார். பியூரெட்டை, அதாவது இலங்கைப் பாடநூல்கள் ‘அளவி’ என்று சொல்லும் கருவியை, எல்லாரும் கையாளக்கூடியதாக மாற்றியவர்களில் அவர் முக்கியமானவர். நியமிப்பு முறைகளைப் பற்றி 1855-இல் அவர் வெளியிடத் தொடங்கிய பாடநூல் அக்கால வேதியியலாளர்களின் கைநூலாகவே இருந்தது.

குடுவையில் ‘ஒரு லீட்டர்’ கோட்டை எங்கே போடுவது? மோர் எளிய வழி ஒன்றைப் பிடித்தார். 17.5 பாகையில் இருக்கும் தண்ணீரை, பித்தளைப் படிக்கற்களை வைத்துச் சாதாரணக் காற்றில் நிறுக்க வேண்டும். தராசு ஒரு கிலோ காட்டும்போது தண்ணீர் எந்த உயரத்தில் நிற்கிறதோ, அங்கே கோடு. கணக்கே போடத் தேவையில்லை.

ஆனால் அது உண்மையான லீட்டர் அல்ல. ஒரு கிலோ தண்ணீர் ஒரு லீட்டராக இருப்பது 4 பாகைக்கு அருகில்தான், 17.5 பாகையில் தண்ணீர் விரிந்திருக்கும். அதோடு காற்றும் தண்ணீரைக் கொஞ்சம் தூக்கிப் பிடிக்கிறது. பாரமான பித்தளையை அது அவ்வளவு தூக்குவதில்லை என்பதால், தராசு சமமாக நிற்கும்போது குடுவையில் ஒரு கிலோவுக்குச் சற்று அதிகமான தண்ணீர் இருக்கும். இரண்டையும் சேர்த்தால் மோரின் லீட்டர் ஏறக்குறைய 1002.3 மில்லிலீட்டர் வருகிறது.

இதை முட்டாள்தனம் என்று சொல்ல மாட்டேன். குடுவை, குழாயி, பியூரெட் மூன்றும் மோரின் லீட்டரிலேயே இருந்தால், நியமிப்பில் வரும் விகிதங்களில் அந்தப் பிழை அடிபட்டுப் போகும். மோரின் குடுவையோடு வேறொருவர் செய்த பியூரெட்டைச் சேர்த்தால்தான் வில்லங்கம். என் வேலை கணினித் துறையில். ஒரு சர்வர் லண்டன் நேரத்திலும் இன்னொன்று டொராண்டோ நேரத்திலும் ஓடினால் என்ன குழப்பம் வருமோ, அதே குழப்பம்தான் இது. அதனால்தான் பிற்காலத்தில் எல்லாரும் உண்மையான கொள்ளளவுக்கும் 20 பாகை என்ற பொது வெப்பநிலைக்கும் வந்தார்கள்.

இனி உங்கள் ஆய்வுகூடத்துக்கு வருவோம். உப்பைச் சுடுநீரில் கரைத்துவிட்டு, அவசரத்தில் 30 பாகையிலேயே ‘ஏ’ வகுப்புக் குடுவையைக் கோடு வரை நிரப்புகிறீர்கள் என்று வையுங்கள். 10 பாகைச் சூட்டுக்கு போரோசிலிக்கேட் கண்ணாடி கொஞ்சமே விரியும், குடுவை 1000.1 மில்லிலீட்டர் கொள்ளும். தண்ணீர் அப்படி இல்லை. 20 பாகையில் ஒரு மில்லிலீட்டர் தண்ணீர் 0.9982 கிராம், 30 பாகையில் 0.9957 கிராம். ஆகவே அந்தக் கரைசல் 20 பாகைக்கு ஆறும்போது 997.5 மில்லிலீட்டராகச் சுருங்கிவிடும். காணாமல் போன 2.5 மில்லிலீட்டர், குடுவையில் எழுதியிருக்கும் பிழையைப் போல ஆறு மடங்கு. கூடுதல் காசு கொடுத்து ‘பி’-க்குப் பதில் ‘ஏ’ வாங்கியதில் கிடைத்த லாபம் வெறும் 0.4 மில்லிலீட்டர்தான்.

இதைக் கண்ணாலேயே பார்க்கலாம். கரைசல் ஆறிய பிறகு குடுவையின் கழுத்தைப் பாருங்கள்: நீர்மட்டம் கோட்டுக்கு ஏறக்குறைய ஒரு சென்டிமீட்டர் கீழே இறங்கியிருக்கும். அதனால்தான் முக்கால்வாசி நிரப்பி, அறை வெப்பநிலைக்கு ஆறவிட்டு, கடைசியில் கோட்டைத் தொடச் சொல்கிறார்கள்.

பியூரெட்டிலும் இதே கணக்குத்தான். 20 பாகையில் தயாரித்த கரைசலை 30 பாகை அறையில் நியமிக்கிறீர்கள், வாசிப்பு 25.00 மில்லிலீட்டர். 20 பாகைக்குத் திருத்தினால் அது 24.94. வித்தியாசம் 0.06, 50 மில்லிலீட்டர் ‘ஏ’ வகுப்புப் பியூரெட்டுக்கு அனுமதித்த பிழையோ 0.05 மட்டுமே. கரைசலைத் தயாரித்ததும் அதே 30 பாகை அறையில்தான் என்றால், மோருக்கு நடந்ததுபோலப் பெரும்பகுதி அடிபட்டுப் போகும், திருத்தவும் தேவையில்லை. இந்தத் திருத்தம் தண்ணீருக்கும் நீர்த்த கரைசல்களுக்கும் மட்டும்தான். எதனால் போன்ற திரவங்கள் இன்னும் பல மடங்கு விரியும். அவற்றுக்கு வேறு அட்டவணை வேண்டும்.

சென்னையில் படிக்கும் உங்கள் மச்சாளின் குடுவையில் 27 பாகை என்று இருக்கலாம். வெப்ப நாடுகளுக்குச் சர்வதேசத் தரம் அதை அனுமதிக்கிறது, இந்தியத் தரமும் அதையே எடுத்துக்கொண்டது. உங்களுடையதையும் அவளுடையதையும் பக்கத்தில் வைத்தால், ஏழு பாகைக்குக் கண்ணாடி விரியும் அளவு லீட்டருக்கு 0.07 மில்லிலீட்டர்தான். குடுவைகளை மாற்றிக்கொண்டாலும் பெரிய நட்டமில்லை; உள்ளே இருக்கும் தண்ணீர் எத்தனை பாகை என்று மட்டும் கேட்டுக்கொள்ளுங்கள்.