யாருடைய முகம் அளவுகோல்?

சென்ற ஏப்ரலில் அம்பேத்கர் பிறந்தநாளுக்காகக் காரைக்காலில் எங்கள் மாணவர்கள் ஒரு போஸ்டர் செய்தார்கள். வாழ்நாளெல்லாம் நடவு நட்ட ஒரு பாட்டியை வரப்பில் நிற்க வைத்துக் கைபேசியில் எடுத்த படம். அதை ஓவியமாக்கும் செயலியில் போட்டார்கள். வந்த படத்தில் பாட்டி கோதுமை நிறமாகிவிட்டார். சுருட்டை முடி படிந்து நீண்டிருந்தது. கொண்டுபோய்க் காட்டினோம். "இது யாரு?" என்று கேட்டார்.

இந்தக் கேள்விக்கு ஒரு வரலாறு உண்டு.

கறுப்பு வெள்ளைக் காலத்து ஸ்டூடியோக்களில் நெகட்டிவின் மேல் பென்சிலால் 'டச்சப்' செய்வார்கள். நெகட்டிவில் பென்சில் பட்ட இடம் பிரின்டில் வெளுக்கும். பருவை மறைக்க வந்த அந்த வித்தையே முகத்தை வெளுக்கவும் உதவியது. அது கையால், தெரிந்தே செய்தது.

கலர் ஃபிலிம் வந்தபோது அதே வேலை இயந்திரத்துக்குள் போய்விட்டது. கோடாக் நிறுவனம் பிரின்ட் போடும் லேப்களுக்கு ஒரு மாதிரி அட்டை அனுப்பியது. அதில் இருந்தது ஒரு வெள்ளைக்காரப் பெண்ணின் முகம். முதலில் மாடலாக இருந்தவரின் பெயரால் அதற்கு 'ஷெர்லி கார்டு' என்று பெயர். அந்தப் பெண்ணின் தோல் சரியாக வரும்வரை இயந்திரத்தைத் திருகுவார்கள். அதோடு நிறம் 'சரி' ஆகிவிடும். கறுத்த முகங்கள் விவரம் இல்லாத நிழலாக விழுந்தன. கறுப்பின மக்கள் சொன்ன குறை எடுபடவில்லை. சாக்லேட் நிறங்களும் மரத்தின் ரேகைகளும் பிரிந்து தெரியவில்லை என்று விளம்பரம் எடுத்த கம்பெனிகள் சொன்ன பிறகுதான் பழுப்பு நிறங்களுக்காக ஃபிலிமைத் திருத்தினார்கள்.

இன்றைய செயலிக்கு அட்டை இல்லை. அது பார்த்துப் பழகிய லட்சக்கணக்கான படங்களே அதன் அட்டை. 2020இல் பல்ஸ் என்ற மென்பொருளிடம் ஒபாமாவின் மங்கலான படத்தைக் கொடுத்தபோது, தெளிவான ஒரு வெள்ளைக்காரர் முகம் வந்தது. தெரியாத இடத்தை அது தனக்குப் பழக்கமான முகத்தால் நிரப்பியது. பாட்டிக்கு நடந்ததும் அதுதான்.

முடிக்கு இன்னொரு காரணமும் உண்டு. இத்தகைய செயலிகள் பல, படத்தை முதலில் சுருக்கிக்கொள்கின்றன. 512 புள்ளி அகலப் படம் உள்ளே 64 கட்டங்களாகிவிடும். ஒரு கட்டத்தின் அகலம் 8 புள்ளிகள். அதைவிடச் சிறிய சுருள் எளிதில் தொலைந்துபோகும். திரும்ப விரிக்கும்போது பழகிய நேர்முடி வந்து உட்காரும்.

இனி நாங்கள் சரிசெய்த விதம். முதலில் படத்தையே மாற்றினோம். வரப்பில் பின்னால் வானம் வெளிச்சமாக இருந்ததால் கேமரா முகத்தை இருட்டாக்கியிருந்தது. இருட்டில் விவரம் இல்லையென்றால் செயலி கற்பனை செய்யும். பாட்டியை நிழலில் உட்கார வைத்து, திரையில் முகத்தைத் தொட்டு வெளிச்சம் அளந்து மறுபடி எடுத்தோம். தலையும் தோளும் மட்டும் வரும்படி வெட்டினோம். தலை பெரிதானால் சுருளுக்கு அதிகக் கட்டங்கள் கிடைக்கும். மாற்றத்தின் வலிமையை (`strength`) 0.7இலிருந்து 0.35க்குக் குறைத்தோம். முடி பெரும்பாலும் திரும்பி வந்தது.

நிறத்துக்கு ஜிம்ப் என்ற இலவச மென்பொருள் போதும். அசல் படத்தை ஓவியத்தின் மேல் அடுக்காக வைத்து, அடுக்கின் முறையை `LCh Color` ஆக்கி, முகத்திலும் கையிலும் மட்டும் தெரியும்படி மறைத்தோம். தோலின் சாயல் வந்தது, ஆனால் வெளுப்பு போகவில்லை. காரணம், இந்த முறை சாயலை மட்டுமே மாற்றும். வெளிச்ச அளவு ஓவியத்தினுடையதாகவே இருக்கும். கன்னத்தில் அதை அளந்தோம். 0 முதல் 100 வரையுள்ள அளவில் அசலில் 34, ஓவியத்தில் 61. கீழே இருந்த ஓவிய அடுக்கில் முகத்தைத் தேர்ந்து, `Curves` கருவியால் நடுப்பகுதியை மட்டும் 36 வரை இறக்கினோம். நெற்றியின் மினுமினுப்பைத் தொடவில்லை. அதையும் சேர்த்து இறக்கினால் கறுத்த தோல் களிமண் பொம்மை போலாகிவிடும்.

இதற்கு எல்லை உண்டு. மூக்கும் உதடும் ஒடுங்கிப் போயிருந்தால் நிறத்தைத் திருத்திப் பயனில்லை. அந்தப் படத்தைத் தூக்கிப் போட்டுவிட்டு, வலிமையை இன்னும் குறைத்து மீண்டும் செய்யுங்கள்.

இன்னொன்று. தலித் என்றால் கறுப்பு என்பதல்ல. நம்மிடம் எல்லா நிறமும் உண்டு. போராட்டப் போஸ்டர் என்பதற்காக ஒருவரை இன்னும் கறுப்பாக்குவதும் அதே பொய்தான். அளவுகோல் அந்த ஆளின் கன்னம் மட்டுமே.

திருத்திய படத்தைப் பாட்டியிடம் கொண்டுபோனோம். கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு, "தலைய சீவிட்டு வந்திருப்பேன்ல, சொல்லக் கூடாதா?" என்றார்.