நாணய வீழ்ச்சிக்குப் பின் இறக்குமதிப் பொருட்களின் மறுவிலையிடல்

நாணய வீழ்ச்சிக்குப் பின் மறுவிலையிடல் என்பது, உள்நாட்டு நாணயம் வழங்குநரின் நாணயத்திற்கு எதிராகக் குறுகிய காலத்தில் பெருமளவு மதிப்பிழக்கும்போது, இறக்குமதியாளர் தம் பொருளின் விற்பனை விலையை மீண்டும் கணித்து அறிவிப்பதாகும். நாணயம் எத்தனை விழுக்காடு வீழ்ந்ததோ அத்தனை விழுக்காடு விலையும் உயரும் என்பது பரவலான கருத்து. நடைமுறையில் இவ்விரண்டும் அரிதாகவே ஒன்றாக இருக்கும். இக்கட்டுரை 2013 ஆம் ஆண்டின் ரூபாய் வீழ்ச்சியையும், சிங்கப்பெருமாள் கோவிலை அடுத்த மகிந்திரா உலக நகரில் உள்ள தானுந்துத் தொழிற்சாலையையும் கொண்டு இதனை விளக்குகிறது.

பின்னணி

சென்னைக் கடற்கரை – செங்கல்பட்டுத் தொடர்வண்டிப் பாதையில் சிங்கப்பெருமாள் கோவிலுக்கு அடுத்த நிலையம் பரனூர். அதனை ஒட்டி மகிந்திரா உலக நகர் அமைந்துள்ளது. இங்கு 2007 ஆம் ஆண்டு ஜெர்மனியின் பிஎம்டபிள்யூ நிறுவனம் தன் தானுந்துகளைப் பொருத்தும் ஆலையைத் தொடங்கியது. உதிரிகளாகப் பிரித்த தொகுப்புகளாக வெளிநாட்டிலிருந்து வரும் பாகங்களை இங்கு பொருத்தி, ரூபாயில் விற்பதே ஆலையின் பணி. ஆகவே செலவின் பெரும்பகுதி யூரோவிலும் வரவு முழுவதும் ரூபாயிலும் இருந்தது.

2013 மே 22 அன்று அமெரிக்க நடுவண் வங்கித் தலைவர் பென் பெர்னான்கி, வங்கியின் கடன்பத்திரக் கொள்முதல் குறைக்கப்படலாம் எனக் குறிப்பிட்டார். இந்தியா உள்ளிட்ட நாடுகளிலிருந்து முதலீடு வெளியேறத் தொடங்கியது. மே மாதத் தொடக்கத்தில் 54 ரூபாய் அளவில் இருந்த அமெரிக்க டாலர், ஆகத்து 28 அன்று 68 ரூபாயைத் தாண்டியது. ஏறத்தாழ 70 ரூபாயாக இருந்த யூரோ அதே காலத்தில் 90 ரூபாயைத் தாண்டியது. பிஎம்டபிள்யூ இந்தியா ஆகத்து நடுவிலிருந்து தன் விலைகளை 5 விழுக்காடு வரை உயர்த்துவதாக அறிவித்தது. யூரோ கால் பங்குக்கு மேல் ஏறியிருக்க, விலை ஏன் 5 விழுக்காடு மட்டும் ஏறியது என்பதே இங்கு ஆராயத்தக்கது.

கணக்கீடு

பின்வரும் எண்கள் விளக்கத்திற்காகக் கொள்ளப்பட்டவை. எந்த நிறுவனத்தின் கணக்கும் அல்ல. ஒரு தானுந்துக்கான பாகத் தொகுப்பின் விலை 25,000 யூரோ எனக் கொள்வோம். எஞ்சின் அல்லது பற்சக்கரப் பெட்டி முன்னரே பொருத்தப்பட்டு வரும் தொகுப்புக்கு 2013 இல் அடிப்படைச் சுங்கவரி 30 விழுக்காடு. மேல்வரிகளும் உள்நாட்டு வரிகளும் எளிமை கருதி விடப்பட்டுள்ளன.

யூரோ 72 ரூபாயாக இருக்கும்போது தொகுப்பின் மதிப்பு 18,00,000 ரூபாய், சுங்கவரி 5,40,000 ரூபாய். எனவே ஆலை வாயில் வரை வந்து சேரும் அடக்கவிலை 23,40,000 ரூபாய். கூலி, உள்நாட்டுப் பாகங்கள், விளம்பரம், முகவர் பங்கு, இலாபம் ஆகியவை சேர்ந்து 6,60,000 ரூபாய் எனில் விற்பனை விலை 30,00,000 ரூபாய்.

யூரோ 90 ரூபாயானால் தொகுப்பு 22,50,000 ரூபாய் ஆகிறது. சுங்கவரி மதிப்பின் மேல் விழுக்காடாக விதிக்கப்படுவதால், வரி விகிதம் மாறாமலேயே 6,75,000 ரூபாயாக உயர்கிறது. அடக்கவிலை 29,25,000 ரூபாய். உள்நாட்டுச் செலவுகள் ரூபாயில் இருப்பதால் அவை உடனே மாறுவதில்லை. அதே 6,60,000 ரூபாயைக் கூட்டினால் புதிய விலை 35,85,000 ரூபாய். யூரோ 25 விழுக்காடு ஏற, விலை 19.5 விழுக்காடு ஏற வேண்டும். பழைய விலையில் அடக்கவிலையின் பங்கு 78 விழுக்காடு. 25 இல் 78 விழுக்காடு 19.5 என்பதைக் கொண்டு இதனைச் சரிபார்க்கலாம்.

இங்கு அடிக்கடி நிகழும் பிழை, உள்நாட்டுப் பங்கையும் விழுக்காடாகவே வைத்துக்கொள்வது. 23,40,000 ரூபாயின் மேல் 6,60,000 ரூபாய் என்பது ஏறத்தாழ 28 விழுக்காடு. விலைப்பட்டியல் கணினியில் இந்த விழுக்காடு பதிவாகியிருந்தால், புதிய அடக்கவிலைக்கு அது 37,50,000 ரூபாய் எனக் காட்டும். வாடகையும் கூலியும் ஏறாத நிலையில் 1,65,000 ரூபாய் மிகுதியாகக் கேட்கப்படும். விலை உயர்வு விழுக்காடும் நாணய மாற்ற விழுக்காடும் அச்சாக ஒன்றாக இருந்தால் இப்பிழை நேர்ந்துள்ளதா என ஐயுறலாம்.

மூன்று நாட்கள், மூன்று வீதங்கள்

ஒரே சரக்குக்கு ஒன்றுக்கு மேற்பட்ட மாற்று வீதங்கள் பொருந்துகின்றன. விலை முடிவு செய்யப்பட்ட நாளின் வீதம் ஒன்று. சுங்கத்துறை வரி கணிக்கும் வீதம் மற்றொன்று. சுங்கச் சட்டம், 1962 இன் 14 ஆம் பிரிவின்படி, இறக்குமதிப் பட்டியல் தாக்கல் செய்யும் நாளில் நடைமுறையிலுள்ள, சுங்கத்துறை அறிவித்த வீதமே வரிக்குக் கணக்கில் கொள்ளப்படும். வழங்குநருக்குப் பணம் செலுத்தும் நாளில் வங்கி கேட்கும் வீதம் மூன்றாவது.

பெருங்கேடு பெரும்பாலும் மூன்றாவதில்தான் விளைகிறது. மே மாதம் வந்திறங்கிய தொகுப்புக்கு மூன்று மாதத் தவணை எனில், யூரோ 72 ரூபாய் எனக் கணக்கிட்டு வண்டி 30,00,000 ரூபாய்க்கு விற்கப்பட்டிருக்கும். ஆகத்து இறுதியில் 90 ரூபாய் வீதத்தில் பணம் செலுத்தும்போது ஒரு வண்டிக்கு 4,50,000 ரூபாய் கூடுதலாகத் தேவைப்படும். விற்றுவிட்ட வண்டிக்கு விலையை உயர்த்த வழியில்லை. வங்கியுடன் முன்கூட்டியே வீதத்தை உறுதி செய்யும் முன்பேர ஒப்பந்தம் இதற்குக் காப்பாகும். எனினும் இந்திய வட்டி வீதம் யூரோ வட்டியைவிட மிகுதியாதலால், முன்பேர வீதம் அன்றைய வீதத்தைவிடக் கூடுதலாக இருக்கும். ஒப்பந்தக் காலம் முடிந்ததும் புதிய வீதத்தில்தான் அடுத்த ஒப்பந்தம் கிடைக்கும். அதாவது, இது கால அவகாசம் தருமேயன்றி வீழ்ச்சியைத் தடுக்காது.

இந்த அவகாசம், கையிருப்பில் உள்ள பழைய சரக்கு, போட்டியாளர் விலை ஆகியவையே சிறு படிகளில் விலை உயர்த்தப்படுவதற்குப் பொதுவான காரணங்கள். வீழ்ச்சி நிலைக்குமா என்பதும் உடனே தெரியாது. 2013 இல் செப்டம்பர் இறுதிக்குள் டாலர் 63 ரூபாய்க்கும் கீழ் இறங்கியது. ஆகத்து 28 வீதத்தில் முழுமையாக விலையிட்டவர் ஒரு மாதத்தில் சந்தையில் தனித்து நின்றிருப்பார்.

பொதியிடப்பட்ட பொருட்கள்

தானுந்து முகவர்கள் பொதுவாக விநியோக நாளின் விலையே பொருந்தும் என்று முன்பதிவுப் படிவத்தில் குறிப்பிடுவதால், முன்பதிவான வண்டிக்கும் புதிய விலை பொருந்தக்கூடும். கடையில் விற்கும் பொதிகளுக்கு இவ்வசதி இல்லை. பொதியிடப்பட்ட பண்டங்களுக்கான சட்டமுறை எடையளவு விதிகள், 2011 இன்படி, அச்சிட்ட அதிகபட்ச சில்லறை விலைக்கு மேல் விற்கவோ அவ்விலையை அழித்து உயர்த்தவோ கூடாது. விலையைக் குறைக்க மட்டுமே ஒட்டுச்சீட்டு ஒட்டலாம். அதுவும் பழைய விலையை மறைக்கலாகாது. ஆகவே வீழ்ச்சிக்குப் பின் சில வாரங்கள் ஒரே அலமாரியில் ஒரே பொருள் இரு விலைகளில் இருப்பது இயல்பு.

நீண்டகால மாற்றம்

விலையை உயர்த்துவதற்கு மாற்று, யூரோவில் ஆகும் செலவின் பங்கையே குறைப்பதாகும். பிஎம்டபிள்யூ 2015 இல் தன் சென்னை ஆலையின் உள்நாட்டுப் பாகங்களின் பங்கை 50 விழுக்காடு வரை உயர்த்துவதாக அறிவித்தது. எஞ்சின், பற்சக்கரப் பெட்டி ஆகியவற்றைப் பொருத்தித் தரும் ஃபோர்ஸ் மோட்டார்ஸ் ஆலை அதே ஆண்டில் சென்னையை அடுத்துத் தொடங்கப்பட்டது. மேற்கண்ட எடுத்துக்காட்டில் தொகுப்பு 12,500 யூரோவாகக் குறைந்து, மீதி ரூபாய்ச் செலவாக மாறினால், அதே வீழ்ச்சிக்கு 30,00,000 ரூபாய் வண்டியின் விலை 32,92,500 ரூபாயாக, அதாவது 9.75 விழுக்காடு மட்டுமே உயர வேண்டும். உள்நாட்டு வழங்குநர் தம் மூலப்பொருளை வெளிநாட்டிலிருந்து வாங்கினால் இப்பயன் ஓரளவு குறையும்.

ஏற்றுமதி வருவாயும் காப்பாக அமையும். அருகிலுள்ள மறைமலைநகரில் 2022 வரை இயங்கிய ஃபோர்டு ஆலை, தானுந்துகளை வெளிநாடுகளுக்கும் அனுப்பியது. அத்தகைய ஆலையில் ரூபாய் வீழ்ச்சி இறக்குமதிச் செலவை உயர்த்தும் அதே வேளையில் ஏற்றுமதி வரவையும் உயர்த்துகிறது.